இன்சூரன்ஸ் கிளைமுக்காக அரசு மருத்துவமனையில் கேஸ் ஷீட் நகல் வாங்குவது எப்படி?

பாலிசிதாரர் இறந்துவிட்டார். நாமினி இறப்புச் சான்றிதழையும் பாலிசிப் பத்திரத்தையும் கொண்டுபோய்க் கொடுக்கிறார். இரண்டு வாரத்தில் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து கடிதம் வருகிறது: "சிகிச்சை ஆவணங்களின் சான்றிட்ட நகல்களை அனுப்பவும்." இறப்புச் சான்றிதழே கையில் இருக்கும்போது இது எதற்கு என்று பலருக்குக் கோபம் வரும். காரணம் எளிது. நம்மூரில் கொடுக்கப்படும் இறப்புச் சான்றிதழில் எப்படி இறந்தார் என்பது இருக்காது. இறப்புக் காரணத்தைச் சான்றிதழில் வெளியிடக் கூடாது என்று பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17ஆவது பிரிவே சொல்கிறது. தனியார் மருத்துவமனை என்றால் பில், மருந்து ரசீது என்று ஏதாவது இருக்கும். அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம் என்பதால் அதுவும் கிடையாது. என்ன நோய், எப்போது சேர்த்தார்கள், என்ன செய்தார்கள் என்பதற்கெல்லாம் கேஸ் ஷீட்தான் சாட்சி.

பாலிசி எடுத்து மூன்று ஆண்டுக்குள் இறந்தவர்களின் கிளைமில் இந்தக் கடிதம் பெரும்பாலும் வந்தே தீரும். காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆவது பிரிவுப்படி, 3 ஆண்டு முடிந்த பாலிசியை எந்தக் காரணம் சொல்லியும் கேள்வி கேட்க முடியாது. அதற்குள் என்றால், ஏற்கெனவே இருந்த நோயை மறைத்து பாலிசி எடுத்தாரா என்று பார்க்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. விட்டுப்போன பாலிசியைப் புதுப்பித்திருந்தால் புதுப்பித்த தேதியிலிருந்துதான் அந்த 3 ஆண்டு. அவர்கள் தேடுவது எது என்று தெரிந்துகொண்டு நகல் வாங்கப் போவது நல்லது.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டு போவோம். தமிழ்நாட்டில் ஒரு லாரி ஓட்டுநர், 52 வயது. ஆயுள் காப்பீடு எடுத்து 14 மாதம் ஆகியிருந்தது. இரவு நெஞ்சுவலி வந்து முதலில் தாலுகா அரசு மருத்துவமனைக்கும், அங்கிருந்து 108இல் மாவட்டத் தலைநகரின் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகிறார். மூன்றாம் நாள் இறக்கிறார். மனைவி நாமினி.

எதைக் கேட்க வேண்டும்

பலர் டிஸ்சார்ஜ் சம்மரியோடு திரும்பிவிடுகிறார்கள். இறந்தவருக்கு அது டெத் சம்மரி. இது ஒன்றிரண்டு பக்கத்தில் மருத்துவர் எழுதிக் கொடுக்கும் சுருக்கம்தான். நிறுவனம் "கேஸ் ஷீட்", "இன்டோர் கேஸ் பேப்பர்ஸ்" என்று எழுதியிருந்தால் அவர்களுக்கு வேண்டியது முழுக் கட்டு: அட்மிஷன் சீட்டு, சேர்த்தபோது எழுதிய நோய் வரலாறு, தினசரிக் குறிப்புகள், நர்சுகள் எழுதும் சார்ட், லேப் ரிப்போர்ட்கள், ஈசிஜி, ஒப்புதல் படிவங்கள், கடைசியில் சம்மரி. "மருத்துவச் சான்று வேண்டும்" என்று மொட்டையாக எழுதிக் கொடுத்தால் ஒரு பக்கச் சான்று தந்து அனுப்பிவிடுவார்கள். அதை நிறுவனம் ஏற்காது, மறுபடி முதலிலிருந்து அலைச்சல்.

இன்னொன்றையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். மருத்துவமனையில் நடக்கும் ஒவ்வோர் இறப்புக்கும் மருத்துவர் படிவம் 4இல் இறப்புக் காரணச் சான்று எழுதிப் பதிவாளருக்கு அனுப்புவார். 2023இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அதன் ஒரு நகலை நெருங்கிய உறவினருக்கும் தர வேண்டும். உடலை வாங்கும் அவசரத்தில் யாரும் இதைக் கேட்பதில்லை.

ஐ.பி. எண் இல்லாமல் போகாதீர்கள்

மருத்துவ ஆவணப் பிரிவில், அதாவது எம்.ஆர்.டி.யில், பேரைச் சொன்னால் கட்டு கிடைக்காது. உள்நோயாளியாகச் சேர்க்கும்போது தரும் ஐ.பி. எண்தான் சாவி. ஆண்டுதோறும் வரிசை புதிதாகத் தொடங்கும் இடங்களில் அதே எண் இன்னொரு ஆண்டில் இன்னொருவருக்கு இருக்கும். ஆகவே எண்ணோடு ஆண்டு, சேர்த்த தேதி, வார்டு, சிகிச்சை தந்த மருத்துவர் குழுவான யூனிட் நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டு, லேப் ரிப்போர்ட், ஸ்கேன் கவர் எதிலாவது எண் இருக்கும். எதுவும் கையில் இல்லையென்றால் சேர்த்த தேதியைச் சொல்லி அட்மிஷன் பதிவேட்டில் பார்த்துத் தரச் சொல்லலாம். தேதி சரியாகத் தெரிந்தால் சில நிமிட வேலை. "போன வருஷம் ஆடி மாசம்" என்றால் எழுத்தர் பதிவேட்டைத் திறக்கவே மாட்டார், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

நம் உதாரணத்தில் இரண்டு மருத்துவமனை, இரண்டு பதிவு. தாலுகா மருத்துவமனையில் அரை மணி நேரம்தான் இருந்தார் என்றாலும் முதல் ஈசிஜி எடுத்தது அங்கேதான், முதலில் வரலாறு கேட்டு எழுதியதும் அங்கேதான். அங்கு வார்டில் சேர்க்காமல் அனுப்பியிருந்தால் ஐ.பி. எண் இருக்காது. ஓ.பி. அல்லது அவசரப் பிரிவுப் பதிவேட்டின் நகலைத்தான் கேட்க வேண்டும். வரும் வழியிலேயே உயிர் பிரிந்து கொண்டுவரப்பட்டவர்களுக்குக் கேஸ் ஷீட்டே இருக்காது. விபத்து, விஷம், பாம்புக்கடி, தீக்காயம் என்றால் ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டு நகல் தனி, பிரேதப் பரிசோதனை அறிக்கை தனி. அவற்றுக்குக் காவல் நிலைய வழியும் தேவைப்படும் என்பதால் எஃப்.ஐ.ஆர். நகலோடு போங்கள்.

விண்ணப்பமும் இணைப்புகளும்

நோயாளி உயிரோடு இருந்தால் அவர் கையெழுத்திட்ட விண்ணப்பமும் ஆதார் நகலும் போதும். வேறொருவர் போனால் அவர் பேருக்கு அதிகாரக் கடிதம் வேண்டும். இறந்திருந்தால் கேட்பவர் யார் என்பதற்குச் சான்று காட்டியாக வேண்டும். இறப்புச் சான்றிதழ், உறவைக் காட்டும் ஆதார் அல்லது குடும்ப அட்டை, நாமினி பெயர் இருக்கும் பாலிசிப் பக்கம், காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய கடிதம் ஆகியவற்றின் நகல்களை இணைக்கலாம். வாரிசுச் சான்றிதழ் கையில் இருந்தால் அதையும் வையுங்கள். அதற்காகவே காத்திருக்க வேண்டாம், பல இடங்களில் இல்லாமலே தருகிறார்கள். இவற்றுள் அதிக வேலை செய்வது நிறுவனத்தின் கடிதம்தான். "எதுக்கும்மா இதெல்லாம்?" என்ற முதல் கேள்விக்கு அதுவே பதில்.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் முதல்வருக்கு, அதாவது டீனுக்கு எழுதுங்கள். தாலுகா மருத்துவமனை என்றால் தலைமை மருத்துவ அலுவலருக்கு. விண்ணப்பம் இப்படி இருந்தால் போதும்:

> பெறுநர்: முதல்வர் அவர்கள், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, (ஊர்).
>
> பொருள்: உள்நோயாளி சிகிச்சை ஆவணங்களின் சான்றிட்ட நகல் கோருதல்.
>
> ஐயா/அம்மா, என் கணவர் (பெயர், வயது) தங்கள் மருத்துவமனையில் (தேதி) முதல் (தேதி) வரை ஐ.பி. எண் (எண்/ஆண்டு), (வார்டு, யூனிட்) இல் சிகிச்சை பெற்று (தேதி) அன்று இறந்தார். அவரது ஆயுள் காப்பீட்டுத் தொகையைப் பெற, அட்மிஷன் சீட்டு முதல் டெத் சம்மரி வரை கேஸ் ஷீட்டின் எல்லாப் பக்கங்களும், ஈசிஜி, ஆய்வக அறிக்கைகள், படிவம் 4 நகல் ஆகியவை பக்கம்தோறும் சான்றொப்பத்துடன் தேவைப்படுகின்றன. உரிய கட்டணம் செலுத்தச் சம்மதிக்கிறேன். இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு விதிமுறைகள், விதி 1.3.2இன்படி வழங்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைத் தபால் பிரிவில் கொடுத்து, மற்றொன்றில் தேதி முத்திரையும் வரிசை எண்ணும் வாங்குங்கள். எம்.ஆர்.டி. ஊழியரிடமே நேரில் நீட்டிவிட்டு வருவது எளிதாகத் தோன்றும். ஆனால் மேலதிகாரியின் உத்தரவு இல்லாமல் அவரால் கட்டை எடுக்க முடியாது, விண்ணப்பம் மேசையிலேயே கிடக்கும். முதல்வர் அலுவலகத்திலிருந்து ஆர்.எம்.ஓ. எனப்படும் நிலைய மருத்துவ அலுவலருக்குப் போய், அவர் "வழங்கலாம்" என்று எழுதிய பிறகுதான் அது எம்.ஆர்.டி.க்கு வரும். மறுநாள் ஆர்.எம்.ஓ. அலுவலகத்தில் அந்த வரிசை எண்ணைச் சொல்லிக் கேட்டால் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

கட்டு எங்கே இருக்கும்?

"ஃபைல் இன்னும் வரல" என்பதுதான் எம்.ஆர்.டி.யில் அதிகம் கேட்கும் பதில். அது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். நோயாளி போனதும் கேஸ் ஷீட் நேரே எம்.ஆர்.டி.க்குப் போய்விடாது. சம்மரி எழுதி முடிக்கும்வரை வார்டில் இருக்கும். எழுத வேண்டிய பயிற்சி மருத்துவர் அதற்குள் வேறு துறைக்கு மாறியிருப்பார். இறப்பு என்றால் துறையின் இறப்பு ஆய்வுக் கூட்டத்துக்காகக் கட்டைத் தனியே எடுத்து வைத்திருக்கலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை நடந்திருந்தால், மருத்துவமனையே அந்தத் திட்டத்தில் தொகை கோர வேண்டியிருப்பதால் கட்டு திட்டப் பிரிவின் மேசையில் கிடக்கவும் கூடும்.

ஆகவே தேடும் வரிசை இது: முதலில் எம்.ஆர்.டி., அடுத்து வார்டு நர்சு, பிறகு யூனிட் அலுவலகம், கடைசியாகக் காப்பீட்டுத் திட்டப் பிரிவு. வார்டிலிருந்து அனுப்பியாயிற்று என்றால் எந்தத் தேதியில் அனுப்பினார்கள் என்று கேளுங்கள். அனுப்பிய கட்டுகளைக் குறித்து வைக்கும் நோட்டு வார்டில் இருக்கும். தேதியோடு திரும்பிப் போனால் எம்.ஆர்.டி.யில் தேடும் இடம் சுருங்கும். யூனிட் மருத்துவரைப் பிடிக்க அந்த யூனிட்டின் ஓ.பி. நாளைக் கேட்டறிந்து, கூட்டம் குறையும் நேரத்தில் போங்கள்.

நகலை வாங்கும் இடத்திலேயே பாருங்கள்

வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்துக் குறை கண்டுபிடித்தால் இன்னொரு நாள் கூலி போகும். கேஸ் ஷீட் தாள்களில் இருபுறமும் எழுதியிருப்பார்கள். ஜெராக்ஸ் எடுப்பவர் முன்பக்கத்தை மட்டும் எடுத்துவிடுவது சாதாரணம். மூலக் கட்டில் 23 தாள், எழுதிய பக்கம் 41 என்றால் நகலிலும் 41 இருக்க வேண்டும். குறிப்பு பாதி வாக்கியத்தில் நின்று அடுத்த பக்கம் வேறு தேதியில் தொடங்கினால் பின்பக்கம் விட்டுப்போயிருக்கிறது. இடது ஓரத்தில்தான் தேதியும் நேரமும் எழுதுவார்கள், கட்டு தைத்திருப்பதால் அந்த ஓரம் நகலில் வெட்டுப்படும். இறந்த நேரம் எழுதிய பக்கத்தில் அந்த ஓரம் தெரிகிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

ஈசிஜியைத் தனியாகக் கவனியுங்கள். அது அச்சாகும் தாள் வெப்பத்தால் எழுதப்படும் வகை, நாள் ஆக ஆகக் கோடுகள் மங்கும். சில மாதம் கழித்து எடுத்த நகலில் கட்டம் போட்ட வெற்றுத்தாள்தான் தெரியும். நெஞ்சுவலி மரணத்தில் அது இல்லாமல் போவது பெரிய இழப்பு. காப்பீட்டுக் கடிதம் வரும்வரை காத்திருக்காமல் காரியம் முடிந்த கையோடு விண்ணப்பிக்கச் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

சான்றொப்பம் என்றால் பக்கத்துக்குப் பக்கம் "உண்மை நகல்" முத்திரை, அதிகாரியின் கையெழுத்து, பதவி முத்திரை, மருத்துவமனையின் வட்ட முத்திரை. முதல் பக்கத்தில் மட்டும் வைத்துக் கொடுத்தால் பல நிறுவனங்கள் திருப்பி அனுப்பும். 41 பக்கத்திலும் கையெழுத்திட முடியாது என்றால், பக்கங்களுக்கு எண் போட்டு, "மொத்தம் 41 பக்கங்கள்" என்று கடைசிப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டு, மற்ற பக்கங்களில் முத்திரையாவது வைத்துத் தரச் சொல்லுங்கள். கட்டணம் கேட்டால் ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாத பணம் எதுவும் இந்த வேலைக்குக் கிடையாது.

பெயரும் வயதும் தவறாக இருக்கும், அதிர்ச்சியடைய வேண்டாம். நள்ளிரவில் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைத்தான் எழுதியிருப்பார்கள். ஆதாரில் செல்வராஜ், கேஸ் ஷீட்டில் செல்வம் என்பது போன்ற வேறுபாட்டுக்கு மூலத்தைத் திருத்தச் சொல்லாதீர்கள். இருவரும் ஒருவரே என்று ஆதாரைப் பார்த்து ஆர்.எம்.ஓ. ஒரு சான்று தந்தால் போதும். அது கிடைக்காவிட்டால் நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம்.

நிறுவனம் படிக்கும் வரி

இப்போது கட்டின் முதல் சில பக்கங்களில் நோய் வரலாறு எழுதிய இடத்துக்கு வாருங்கள். "கே/சி/ஓ" என்று தொடங்கும் வரி இருக்கும். ஏற்கெனவே கண்டறியப்பட்ட நோய் என்று பொருள். அதற்குப் பின் டி.எம். என்றால் சர்க்கரை, எச்.டி.என். என்றால் ரத்த அழுத்தம். காப்பீட்டு விசாரணையாளர் முதலில் பார்ப்பது இந்த வரியைத்தான்.

நம் லாரி ஓட்டுநரின் கட்டில் ரத்த அழுத்தத்துக்குப் பக்கத்தில் 8/12 என்று எழுதியிருந்தது என்று வைத்துக்கொள்வோம். சில மருத்துவர்கள் மாதத்தைப் பன்னிரண்டின் பங்காகவும், நாளை ஏழின் பங்காகவும் எழுதுவார்கள். 8/12 என்றால் எட்டு மாதம், 3/7 என்றால் மூன்று நாள். பாலிசி எடுத்து 14 மாதம், நோய் தெரிந்து எட்டு மாதம். ஆக, பாலிசி எடுக்கும்போது மறைக்க எதுவும் இல்லை. ஆனால் மங்கலான நகலில் பன்னிரண்டு அழிந்து 8 மட்டும் நின்றால் எட்டு ஆண்டாகப் படிக்கப்பட்டு, நோயை மறைத்ததாகக் கிளைம் நிராகரிக்கப்படலாம்.

இப்படி ஐயத்துக்கு இடமான வரி இருந்தால் நகலில் பேனாவால் எதையும் தொடாதீர்கள், தொட்டால் முழுக் கட்டுமே சந்தேகத்துக்குள்ளாகும். யூனிட் தலைவரிடம் போய், இந்தத் தேதியிட்ட கேஸ் ஷீட்டில் 8/12 என்பது எட்டு மாதத்தைக் குறிக்கும் என்று மருத்துவமனைத் தாளில் விளக்கச் சான்று கேளுங்கள். கூடவே, நோய் எப்போது தெரிந்தது என்பதற்குத் தனிச் சான்று தேடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலோ மாத்திரை வாங்கியவர் என்றால் அந்த நோட்டில் முதல் தேதி இருக்கும். அந்தத் தேதி பாலிசிக்குப் பிந்தியது என்றால் கேஸ் ஷீட்டில் யாரோ சொன்ன வாய்மொழியைவிட அது வலுவான ஆதாரம். பாலிசிக்கு முந்தியது என்றால் அதையும் தெரிந்துகொண்டே அடுத்த அடி வையுங்கள்.

நிறுவனம் தன் படிவம் ஒன்றையும் கொடுத்திருக்கும். கடைசியாகச் சிகிச்சை தந்த மருத்துவர் நிரப்ப வேண்டியது அது. கேஸ் ஷீட் நகல் கைக்கு வந்தபின் அதையும் எடுத்துக்கொண்டு போனால்தான் மருத்துவர் பார்த்து எழுத முடியும். கையெழுத்துக்குக் கீழே பதிவு எண் முத்திரை இருக்கிறதா பாருங்கள்.

தர மறுத்தால்

"போலீஸ், கோர்ட் கேட்டால்தான் தருவோம்" என்பார்கள். விண்ணப்பத்தில் குறிப்பிட்ட விதி 1.3.2 இதற்குத்தான். நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்ற உதவியாளரோ சட்ட அமைப்போ கேட்டால் ஒப்புகை தந்து 72 மணி நேரத்துக்குள் ஆவணத்தை வழங்க வேண்டும் என்கிறது அது. வழங்காதது மருத்துவரின் ஒழுங்கீனம் என்று விதி 7.2 சொல்கிறது. அரசு மருத்துவமனையில் மூன்றே நாளில் கிடைப்பது அபூர்வம். இருந்தாலும் விதியைச் சொல்லி ஆர்.எம்.ஓ.விடம் பேசினால் மறுப்பு தாமதமாகவாவது மாறும்.

பத்து நாள் கடந்தும் அசைவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மருத்துவமனையின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு போடுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், நகலுக்குப் பக்கம் 2 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும், தவறினால் தகவலை இலவசமாகத் தர வேண்டும், மேல்முறையீட்டுக்கு அடுத்த 30 நாள். பிறருடைய தனிப்பட்ட தகவல் என்று தட்டிக்கழிக்க அந்தச் சட்டத்தில் இடம் இருப்பதால், உறவுச் சான்றுகளையும் நாமினி பக்கத்தையும் மனுவோடு வைத்தே அனுப்புங்கள். "சான்றிட்ட நகல்" என்ற சொல்லும் மனுவில் இருக்கட்டும்.

உள்நோயாளி ஆவணங்களை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதே மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு விதிமுறை. அதைத் தாண்டிப் போனால் கட்டு அழிக்கப்பட்டிருக்கலாம். வாய்ச்சொல்லோடு திரும்பாமல், ஆவணம் இல்லை என்பதை எழுத்தில் வாங்குங்கள். அட்மிஷன் பதிவேடு, இறப்புப் பதிவேடு இரண்டிலும் அவர் பெயர் வரும் பதிவின் சான்றிட்ட நகலையும் கேளுங்கள்.

காத்திருக்கும் நாட்களில் முத்திரை வாங்கிய விண்ணப்பத்தின் நகலைக் காப்பீட்டு அலுவலகத்தில் கொடுத்து, ஆவணத்துக்கு விண்ணப்பித்திருப்பதாக எழுதி ஒப்புகை வாங்கிவிடுங்கள். கட்டு வந்ததும் முழுவதையும் ஒரு செட் ஜெராக்ஸ் எடுத்து வீட்டில் வையுங்கள். நிறுவனத்தில் கொடுக்கும்போது முகப்புக் கடிதத்தில் "மருத்துவக் கல்லூரி மருத்துவமனை கேஸ் ஷீட் 41 பக்கம், தாலுகா மருத்துவமனைப் பதிவு 2 பக்கம், ஈசிஜி 3, விளக்கச் சான்று 1" என்று எண்ணிக்கையோடு எழுதி, அதன் மேலேயே முத்திரை வாங்குங்கள்.